சாட் ஸ்க்ரீன்ஷாட்டை டெக்ஸ்டா மாத்துறது: யார் சொன்னா, எந்த வரிசைல சொன்னாங்கன்னு மாறாம எடுக்க முழு வழிகாட்டி

எங்க அப்பார்ட்மெண்ட் மடிப்பாக்கத்துல இருக்கு, மொத்தம் 12 வீடு. 2024 மே மாசம் போர்ல தண்ணி இறங்கிடுச்சு, அப்போ ஒரு மூணு வாரம் லாரி தண்ணிதான். எந்த லாரிக்கு யார் காசு குடுத்தா, எவ்ளோ குடுத்தான்னு எல்லாமே வாட்ஸ்அப் குரூப்லதான் பேசிக்கிட்டோம், தனியா நோட்டு எதுவும் போடல. ஜூன்ல கணக்கு பாக்க உக்காந்தப்போதான் தெரிஞ்சுது, குரூப்ல மெசேஜ் 7 நாள்ல தானா மறையுற செட்டிங் ஆன்ல இருந்திருக்கு, எல்லாம் போயிடுச்சு. மிச்சம் இருந்தது மீனா அக்கா அப்பப்போ எடுத்து வெச்சிருந்த 9 ஸ்க்ரீன்ஷாட், சுந்தரம் அங்கிள் போன்ல இருந்த 5, ஆக 14 படம். அதை வரிசையா, பேரோட, ஒரு ஃபைலா மாத்தித் தர்ற வேலை என்கிட்ட வந்துச்சு. முதல் தடவை கூகுள் லென்ஸ்ல காப்பி பண்ணி ஒட்டுனேன், பாத்தா ரவி சார் சொன்னது மீனா அக்கா சொன்ன மாதிரி, வாட்ச்மேன் சொல்லாத "ஓகே"வை அவர் சொன்ன மாதிரி எல்லாம் வந்துச்சு. காசு விஷயத்துல அப்படி ஒரு காகிதத்தை யார்கிட்டயும் குடுக்க முடியாது. அப்புறம் முழுசா முதல்லேர்ந்து எப்படி பண்ணேன்கிறதைத்தான் கீழ எழுதுறேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி

அந்த சாட் இன்னும் யாரோட போன்லயாவது உயிரோட இருக்கா? இருந்தா ஸ்க்ரீன்ஷாட் பக்கமே போகாதீங்க. வாட்ஸ்அப்ல அந்த சாட்டைத் திறந்து மேல மூணு புள்ளி, More, Export chat, அதுல Without media குடுத்தா தேதி, நேரம், பேர் எல்லாம் சேர்ந்த ஒரு .txt ஃபைல் வந்துடும், அதுக்கு மேல சுத்தமா யாராலயும் பண்ண முடியாது. குரூப்ல யாராவது Advanced chat privacy ஆன் பண்ணி வெச்சிருந்தா மட்டும் எக்ஸ்போர்ட் ஆகாது, 2025ல வந்த வசதி அது. சாட்டே போயிடுச்சு, இல்ல போன் போயிடுச்சு, இல்ல எக்ஸ்போர்ட் பண்ண விடல, அப்படின்னா மட்டும் மேல படிங்க.

ஏன் பேர் கலையுது

ஓசிஆர்னு சொல்றது, அதாவது படத்துல இருக்குற எழுத்தை டெக்ஸ்டா மாத்துறது, எழுத்தை மட்டும்தான் படிக்கும். ஆனா சாட்ல யார் பேசுறாங்கன்னு நமக்குச் சொல்றது பாதி நேரம் எழுத்தே இல்ல. ஒரு மெசேஜ் நிக்கற கட்டத்தைத்தான் பபிள்னு சொல்றேன், அது வலது பக்கம் பச்சையா இருந்தா போன் வெச்சிருக்கறவர், இடது பக்கம் வெள்ளையா இருந்தா மத்தவங்க. குரூப்ல ஒருத்தர் தொடர்ந்து மூணு மெசேஜ் போட்டா முதல் பபிள்ல மட்டும்தான் பேர் இருக்கும், மத்த ரெண்டுலயும் இருக்காது. நம்ம சொந்த பபிள்ல பேரே வராது. இந்த பக்கம், நிறம், இடைவெளி எதுவும் காப்பி பண்ற டெக்ஸ்ட்ல வராது, அதனாலதான் எல்லாம் ஒரே குழம்பா வந்து நிக்குது.

அதனால நான் பிடிச்சுக்கிட்ட வழி இதுதான்: முதல்ல படத்தைக் கண்ணால பாத்து எலும்புக்கூடு போடணும், எத்தனை பபிள், யாரோடது, எத்தனை மணின்னு, அதுக்கப்புறம்தான் ஓசிஆர்ல வர்ற டெக்ஸ்டை அதுல கொண்டுபோய் நிரப்பணும். நிறைய பேர் தலைகீழா பண்றாங்க, டெக்ஸ்டை எடுத்துட்டு அப்புறம் பேர் போடுறாங்க, அங்கதான் தப்பு நுழையுது.

படி 1: ஒரிஜினல் படத்தை வாங்குங்க

"அக்கா அந்த ஸ்க்ரீன்ஷாட்லாம் அனுப்புங்க"ன்னு சொன்னா எல்லாரும் வாட்ஸ்அப்ல போட்டோவாதான் அனுப்புவாங்க. அதுல ரெண்டு நஷ்டம். ஒண்ணு, படம் சுருங்கி எழுத்து ஓரமெல்லாம் மங்கிடும், தமிழ்ல புள்ளி இருக்கா இல்லையான்னே தெரியாம போயிடும், "க்"கும் "க"வும் ஒண்ணாயிடும். ரெண்டாவது, ஃபைல் பேர் போயிடும். ஆண்ட்ராய்டு போன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா பெரும்பாலும் `Screenshot_20240518-211902.png` மாதிரி பேர் வரும், அதுல எடுத்த தேதி நேரம் ரெண்டுமே இருக்கு. போட்டோவா அனுப்புனா அது `IMG-20240609-WA0004.jpg` ஆயிடும், அந்த தேதி நமக்கு வந்து சேர்ந்த தேதி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்த தேதி இல்ல. அதனால அட்டாச் பண்றப்போ Document வழியா அனுப்பச் சொல்லுங்க, இல்ல மெயில்ல போடச் சொல்லுங்க. மீனா அக்காவுக்கு நான் நேர்ல போய் கேபிள் போட்டு எடுத்துக்கிட்டேன், மாடிப்படி ரெண்டு ஏறுனா போதும், அதுக்கு எதுக்கு ரிஸ்க்.

எடுத்த தேதி ஏன் அவ்ளோ முக்கியம்னா, சாட்ல நடுவுல வர்ற தேதி சின்னப் பெட்டில Today, Yesterday, இல்ல கிழமை பேர்தான் இருக்கும், சமீபத்துல நடந்ததா இருந்தா. "Yesterday"ன்னு இருக்கறது எந்த நாள்னு சொல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்த நாள் தெரிஞ்சாதான் முடியும்.

வந்த படங்களை அப்படியே ஒரு ஃபோல்டர்ல போட்டு தொடாம வெச்சிடுங்க, வேலை பண்றதுக்கு தனியா காப்பி. நாளைக்கு விவகாரம் போலீஸ், கோர்ட்டுன்னு போனா நீங்க டைப் பண்ண டெக்ஸ்ட் படிக்க உதவுற காகிதம் மட்டும்தான், மூலப் பதிவும் அதுக்கான சான்றிதழும்தான் கேப்பாங்க (2024 ஜூலை 1லேர்ந்து பாரதீய சாக்‌ஷ்ய அதிநியம் பிரிவு 63, அதுக்கு முன்னாடி பழைய சாட்சியச் சட்டத்துல 65பி).

படி 2: படங்களை வரிசைப்படுத்துங்க

ஃபைல் நேரத்தை வெச்சு அடுக்கிடலாம்னு தோணும், பண்ணாதீங்க. பாதி பேர் கடைசி மெசேஜ்லேர்ந்து ஆரம்பிச்சு மேல ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே எடுப்பாங்க, அப்போ முதல்ல எடுத்த படம்தான் உரையாடலோட கடைசி. சுந்தரம் அங்கிளோட 5 படமும் அப்படித்தான் இருந்துச்சு.

ஒட்டு எங்க இருக்குன்னு பாத்து அடுக்குங்க. ஒரு படத்தோட கடைசி பபிள் அடுத்த படத்தோட மேல் பக்கத்துல திரும்ப வரணும். வந்தா ரெண்டும் அடுத்தடுத்து. வரலன்னா நடுவுல ஏதோ விட்டுப்போயிருக்கு, அங்க டெக்ஸ்ட்ல `[இங்க இடைவெளி]`ன்னு தெளிவா எழுதணும், நேரம் பாத்து "அடுத்ததுதான்"னு நாமளா ஒட்டக்கூடாது. அடுக்கி முடிச்சதும் 01.png, 02.png-ன்னு பேர் மாத்திடுங்க.

இங்க ஒரு பொறி இருக்கு. ஸ்க்ரோல் பண்றப்போ மேல, குரூப் பேருக்குக் கீழ, ஒரு தேதி மிதக்கும். அது நடுவுல நிஜமா நாள் மாறுற இடத்துல வர்ற தேதிப் பெட்டி மாதிரியே இருக்கும், ஆனா அது நாள் மாறுற இடம் இல்ல, மேல தெரியுற மெசேஜ் எந்த நாளுதுன்னு மட்டும் சொல்லுது. எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, மிதக்கற தேதி ஏதாவது பபிள் மேல ஏறி நிக்கும், இல்ல எல்லாப் படத்துலயும் அதே உயரத்துல இருக்கும். நிஜப் பெட்டிக்கு மேலயும் கீழயும் தனி இடம் விட்டிருக்கும்.

படி 3: யார் போன், யார் பேர்

ரெண்டு போன்லேர்ந்து படம் வந்திருந்தா இது இல்லாம ஒரு வரி கூட எழுதாதீங்க. மீனா அக்கா படத்துல வலது பக்கம்னா மீனா அக்கா. சுந்தரம் அங்கிள் படத்துல வலது பக்கம்னா சுந்தரம் அங்கிள். படங்களைக் கலந்து அடுக்குன பிறகு இது மறந்து போயிடும், அதனால ஃபைல் பேர்லயே 04-மீனா, 05-சுந்தரம்னு போட்டு வெச்சேன். கீழ சுருக்கமா 04னு எழுதுறேன்.

பேரும் அதே கதைதான், அவங்கவங்க காண்டாக்ட்ல எப்படி சேவ் பண்ணியிருக்காங்களோ அப்படித்தான் திரையில வரும். ஒரே ஆள் மீனா அக்கா போன்ல "ரவி சார் பி2", சுந்தரம் அங்கிள் போன்ல "செகரட்டரி". சேவ் பண்ணாதவங்க நம்பரும், பக்கத்துல ~ போட்டு அவங்களே வெச்சுக்கிட்ட பேரும் வரும். அதனால ஒரு சின்ன பட்டியல் போடுங்க: மீனா போன்ல என்ன பேர், சுந்தரம் போன்ல என்ன பேர், ஃபைல்ல என்ன பேர். எங்களுக்கு 12 வீடு, வாட்ச்மேன், லாரிக்காரர்னு 14 வரி வந்துச்சு, பத்து நிமிஷ வேலை. நம்பர் எதுவும் கடைசி ஃபைல்ல போகக்கூடாது, அதுக்கும் இந்தப் பட்டியல் உதவும்.

ஒரு மெசேஜுக்கு பதில் போடுறப்போ பபிளுக்குள்ள பழைய மெசேஜைக் காட்டுற பதில் பெட்டிக்குள்ள "You"ன்னு வந்தா அதுவும் போன்காரரைத்தான் சொல்லுது, பட்டியல்ல அதையும் சேத்துக்கோங்க.

படி 4: எலும்புக்கூடு

ஒரு ஷீட்ல நாலு காலம் போடுங்க: படம்-பபிள் எண், நேரம், பேர், டெக்ஸ்ட். ஒவ்வொரு படத்தையும் பெருசாக்கி மேலேர்ந்து கீழ பபிளா எண்ணி முதல் மூணு காலத்தையும் கைல நிரப்புங்க, டெக்ஸ்ட் காலியாவே இருக்கட்டும். ஒரு படத்துக்கு எட்டு பத்து பபிள்தான் வரும், ரெண்டு நிமிஷம் ஆகும்.

படத்தோட முதல் பபிள் இடது பக்கம், பேர் இல்லாம ஆரம்பிச்சா யாரோடதுன்னு அந்தப் படத்துல தெரியாது, முந்தின படத்துல ஒட்டு இருந்தா அங்கேர்ந்து எடுக்கணும். ஒட்டு இல்லன்னா பேர் காலத்துல `[பேர் தெரியல]`. பேச்சு வழக்கை வெச்சு "இது ரவி சார் ஸ்டைல்தான்"னு போட ஆசை வரும், போடாதீங்க.

இன்னொண்ணு, ஷீட்டை நேரத்தை வெச்சு சார்ட் பண்ணவே பண்ணாதீங்க. திரையில நிமிஷம் வரைக்கும்தான் காட்டுது, 9:14க்கு நாலு மெசேஜ் வந்திருந்தா சார்ட் அதுக்குள்ள வரிசையைக் கலைச்சுடலாம். அதோட நெட் இல்லாம இருந்து லேட்டா வந்து சேர்ந்த மெசேஜ் சில சமயம் பழைய நேரத்தோட கீழ நிக்கும். படம்-பபிள் எண்தான் வரிசை, நேரம் வெறும் தகவல்.

படி 5: டெக்ஸ்டை எடுக்கறது

நாலஞ்சு படம்னா போன் போதும். கூகுள் லென்ஸ்ல ஒவ்வொரு பபிளா தேய்ச்சு செலக்ட் பண்ணி காப்பி பண்ணுங்க, மொத்தப் படத்தையும் ஒரே தடவைல எடுக்காதீங்க. இல்லன்னா படத்தை கூகுள் ட்ரைவ்ல ஏத்தி, ரைட் கிளிக், Open with, Google Docs குடுத்தா படத்துக்குக் கீழ டெக்ஸ்ட் வரும், தமிழ் நல்லாவே படிக்குது, படம் 2 எம்பிக்குள்ள இருக்கணும்.

14 படம்னா எனக்கு கம்ப்யூட்டர்ல டெசராக்ட்னு ஒரு ஓசிஆர் சாஃப்ட்வேர் வசதியா இருந்துச்சு. இலவசம், தமிழும் இங்கிலீஷும் சேர்த்துப் படிக்கும், முக்கியமா ஒவ்வொரு சொல்லும் படத்துல எந்த இடத்துல இருக்குன்னும் சொல்லும். அந்த இடம்தான் நமக்கு வேணும். உபுண்டுல இப்படி:

```
sudo apt install tesseract-ocr tesseract-ocr-tam python3-pytesseract
```

ஓட்டுறதுக்கு முன்னாடி படத்துல மேல பேட்டரி, குரூப் பேர் இருக்குற பட்டையையும் கீழ டைப் பண்ற பெட்டியையும் வெட்டிடுங்க, இல்லன்னா மேல இருக்குற கடிகாரம் கூட ஒரு மெசேஜ் நேரமா வந்து நிக்கும். அப்புறம் இந்த சின்ன ப்ரோக்ராம்:

```python
import pytesseract
from PIL import Image, ImageOps

img = Image.open("04.png").convert("RGB")
d = pytesseract.image_to_data(img, lang="tam+eng",
        config="--psm 6", output_type=pytesseract.Output.DICT)
lines = {}
for i, w in enumerate(d["text"]):
    if w.strip():
        k = (d["block_num"][i], d["par_num"][i], d["line_num"][i])
        lines.setdefault(k, []).append(i)
rows = []
for ids in lines.values():
    x = min(d["left"][i] for i in ids)
    y = min(d["top"][i] for i in ids)
    h = max(d["height"][i] for i in ids)
    r, g, b = img.getpixel((max(x - 8, 0), y + h // 2))
    side = "வலது" if g - r > 20 else "இடது"
    rows.append((y, x, side, " ".join(d["text"][i] for i in ids)))
for row in sorted(rows):
    print(*row)
```

இது என்ன பண்ணுதுன்னா, ஒவ்வொரு வரியோட முதல் எழுத்துக்கு 8 பிக்சல் இடது பக்கம் இருக்குற நிறத்தைப் பாக்குது, அது பபிளோட பின்னணி. பச்சை சிவப்பை விட நல்லா அதிகமா இருந்தா போன்காரரோட பபிள், இல்லன்னா மத்தவங்களோடது. வரி எங்க ஆரம்பிக்குதுன்னு மட்டும் பாத்து பக்கத்தைத் தீர்மானிக்கலாம்னு முதல்ல நினைச்சேன், ஆனா நீளமான சொந்த மெசேஜ் இடது பக்கம் வரைக்கும் நீண்டு வந்துடுது, நிறம்தான் ஏமாத்தல. யாராவது சாட் தீம் மாத்தி ஊதா, நீலம்னு வெச்சிருந்தா மட்டும் இந்தக் கணக்கு வேலைக்கு ஆகாது, அப்போ ஒரு பபிள்ல நிறத்தைப் பாத்து அதுக்கேத்த மாதிரி அந்த ஒரு வரியை மாத்திக்கணும். `--psm 6`ன்னா படம் முழுக்க ஒரே பத்தியா எடுத்துக்கிட்டு வரி வரியா படின்னு அர்த்தம், சாட்ல ரெண்டு பபிள் பக்கத்துல பக்கத்துல வராது, அதனால இது சரியா உக்காருது.

டார்க் மோடு படம்னா படிக்கறதுக்கு மட்டும் `ImageOps.invert(img)` பண்ண காப்பியைக் குடுங்க, நிறம் பாக்கறதுக்கு ஒரிஜினலையே வெச்சுக்கோங்க.

படி 6: ஒரு படத்தை முழுசா பாப்போம்

04ம் படம், மீனா அக்கா போன். இடது ஓரத்துல இருக்குற எண்களை எடுத்துட்டு வந்ததைக் காட்டுறேன்:

```
வலது  ரவி சார் பி2
வலது  நேத்து வந்த லாரிக்கு நான் 21800 குடுத்துட்டேன் மீதி...
வலது  எந்த லாரி சார்? காலைலயா சாயந்திரமா? 9:14 pm W
இடது  வாட்ச்மேன் முருகன்
இடது  சாயந்திரம் வந்தது மேடம் 9:14 pm
இடது  ரெண்டு வந்துச்சு 9:15 pm
வலது  ஓகே 9:16 pm W
```

"வலது இடது" இல்லாம இதை வெறும் டெக்ஸ்டா படிச்சுப் பாருங்க. ரவி சார் காசு குடுத்தேன்னு சொல்லிட்டு அவரே எந்த லாரின்னு கேக்கற மாதிரி இருக்கும், கடைசி "ஓகே" வாட்ச்மேன் சொன்ன மாதிரி இருக்கும்.

வலது பக்கம் போன்காரரோட பபிள், அதுல அவர் பேர் எப்பவுமே வராது. அப்போ வலதுல ஒரு பேர் இருந்தா அது நிச்சயம் பதில் பெட்டி, அதாவது யாரோ முன்னாடி சொன்னதை எடுத்துக்காட்டி பதில் போட்டிருக்காங்க. ரவி சார் வரி இங்க புது மெசேஜே இல்ல, பழசோட நிழல். அதை மெசேஜா எண்ணுனா அவர் ரெண்டு தடவை காசு குடுத்ததா கணக்கு ஏறிடும், எங்க ஷீட்ல முதல் தடவை நிஜமாவே அப்படி ஏறியிருந்துச்சு. அதோட பதில் பெட்டியில நீளமான மெசேஜ் பாதியில வெட்டிடும். "மீதி..."ன்னு நின்ன இடத்துல என்ன இருந்துச்சுன்னு 02ம் படத்துல ரவி சாரோட அசல் மெசேஜைப் பாத்தா, மீதி 400 சுந்தரம் சார் தரணும்னு இருந்துச்சு.

இடது பக்கம் பதில் பெட்டி வந்தா அடுத்தடுத்து ரெண்டு பேர் வரும், முதல் பேர் அனுப்புனவர், ரெண்டாவது பேர் யாருக்கு பதில்னு. ஆனா ஒருத்தரோட ரெண்டாவது, மூணாவது பபிள்ல பதில் பெட்டி வந்தா அனுப்புனவர் பேர் இருக்காது, பெட்டிக்குள்ள இருக்குற பேர் மட்டும் நிக்கும், பாக்க புது ஆள் பேச ஆரம்பிச்ச மாதிரியே இருக்கும். இதை டெக்ஸ்ட்ல கண்டுபிடிக்க வழியே இல்ல, ப்ரோக்ராம் காட்டுற ரெண்டாவது எண்ணைப் பாருங்க, அதாவது வரி எங்க ஆரம்பிக்குதுன்னு. பதில் பெட்டிக்குள்ள இருக்குற எழுத்து கொஞ்சம் உள்ள தள்ளி ஆரம்பிக்கும், படத்துல பாத்தா அதுக்கு இடது பக்கம் ஒரு கலர் கோடு நிக்கும்.

அடுத்தது அந்த 21800. லாரிக்கு இருபத்தோராயிரமா? படத்துல ₹1800ன்னு இருக்கு, ரூபாய் குறியை 2ன்னு படிச்சிருக்கு. எனக்கு 14 படத்துல இது அஞ்சு இடத்துல வந்துச்சு. காசு எங்க வந்தாலும் ஓசிஆரை நம்பாதீங்க, ஒவ்வொரு தொகையையும் படத்தைப் பாத்து கைல அடிங்க. நேரத்துக்குப் பக்கத்துல நிக்கற W, நீல டிக்கைப் படிச்சது, அதை எடுத்துடலாம்.

சரி பண்ணதுக்கப்புறம் ஷீட்ல இப்படி நின்னுச்சு:

```
04-1 | 9:14 pm | மீனா எஃப்2 | [ரவி பி2-க்கு பதில், அசல் 02-6] எந்த லாரி சார்? காலைலயா சாயந்திரமா?
04-2 | 9:14 pm | முருகன் வாட்ச்மேன் | சாயந்திரம் வந்தது மேடம்
04-3 | 9:15 pm | முருகன் வாட்ச்மேன் | ரெண்டு வந்துச்சு
04-4 | 9:16 pm | மீனா எஃப்2 | ஓகே
```

04-3ல படத்துல பேர் இல்ல, மேல இருக்குற முருகன் பேரே தொடருது, ஷீட்ல அதை முழுசா எழுதணும். வெறுமனே விட்டா நாளைக்கு யாராவது நடுவுல ஒரு வரியை நீக்குனா பேர் வேற ஆளுக்குப் போயிடும்.

டெக்ஸ்டா வராத விஷயங்கள்

கட்டை விரல் மட்டும் போட்டது ஒரு மெசேஜ், அது "சரி"ன்னு சம்மதம் சொன்ன மாதிரி. ஓசிஆர் அதை விட்டுடும், இல்ல குப்பையா எழுதும். `[கட்டை விரல்]`னு எழுதிடுங்க. ஆனா பபிளோட அடில சின்னதா ஒட்டிக்கிட்டு இருக்குற ரியாக்ஷன் தனி மெசேஜ் இல்ல, அதை அந்த வரியோடவே சேத்து `[ரியாக்ஷன்: கட்டை விரல்]`. யார் போட்டதுன்னு படத்துல தெரியாது, அதனால பேர் போட முடியாது.

வாய்ஸ் மெசேஜ் பபிள்ல ரெண்டு எண் இருக்கும், 0:23ன்னு எத்தனை செகண்டு, 9:31னு எத்தனை மணி, முதல் எண்ணை நேரமா எடுத்துடாதீங்க. அழிச்ச மெசேஜ் வரியும் Edited குறியும் அப்படியே இருக்கட்டும், அதை நீக்குனா கதையே மாறும். நீளமான மெசேஜ்ல Read more நின்னா அதுக்குக் கீழ இருந்தது படத்துல இல்ல, `[மீதி படத்துல இல்ல]`.

தமிழ் எழுத்துல "ர"வும் துணைக்கால் "ா"வும் மாறி மாறி வரும், "வரரர்"னு வந்தா "வரார்". தங்கிலீஷ்ல அடிச்சிருக்கறவங்களோட வரியை அப்படியே இங்கிலீஷ் எழுத்துலயே விடுங்க, தமிழ்ல மாத்தி அடிக்காதீங்க, எழுத்துப் பிழையையும் திருத்தாதீங்க. அவங்க என்ன அடிச்சாங்களோ அதுதான் வேணும்.

படி 7: எண்ணிக்கை சரி பாக்கறது

ஒரு பபிளுக்கு ஒரு நேரம், இதுதான் அளவுகோல். ஒவ்வொரு படத்துலயும் கண்ணால பபிளை எண்ணி எழுதுங்க. எங்களுக்கு மீனா அக்கா படங்கள்ல 88, சுந்தரம் அங்கிள் படங்கள்ல 43, ஆக 131. ஒட்டுற இடங்கள்ல ரெண்டு தடவை வந்தது 24, அதைக் கழிச்சா 107 வரணும். என் ஷீட்ல 104தான் இருந்துச்சு.

மூணு எங்க போச்சுன்னு தேட படம் படமா எண்ணைப் பொருத்துனேன். 07ல ரெண்டு வெறும் கட்டை விரல், எழுத்து எதுவும் இல்லாததால அதோட நேரம் மட்டும் தனி வரியா வந்து முந்தின மெசேஜோட ஒட்டிக்கிச்சு. 11ல ஒரு வாய்ஸ் மெசேஜ். ஷீட் போடுறப்போ அந்த ரெண்டு படத்தையும் ராத்திரி அவசரத்துல எலும்புக்கூடு போடாம நேரா டெக்ஸ்டை ஒட்டியிருந்தேன், விட்டுப்போன மூணும் அங்கதான் இருந்துச்சு.

இன்னொரு சோதனை, ரெண்டு போன்லயும் வர்ற அதே மெசேஜை ஒப்பிடுங்க. மீனா அக்கா படத்துல வலதுல இருக்குற மெசேஜ், சுந்தரம் அங்கிள் படத்துல "மீனா எஃப்2"ன்னு பேரோட இடதுல இருக்கணும். அப்படி எங்களுக்கு 9 மெசேஜ் ரெண்டு போன்லயும் இருந்துச்சு, ஒன்பதுலயும் பேரும் வார்த்தையும் பொருந்துச்சு. ஒண்ணு பொருந்தலன்னாலும் அந்தப் படத்தோட முழு எலும்புக்கூட்டையும் திரும்பப் போடணும், ஏன்னா பேர் ஒரு இடத்துல நழுவுனா அடுத்து பேர் வர்ற வரைக்கும் எல்லா வரியும் நழுவும்.

கடைசியா இன்னொரு ஆளை உக்கார வெச்சு, நீங்க ஷீட்டை சத்தமா படிக்க அவங்க படத்தைப் பாத்துக்கிட்டே வரணும். நான் மீனா அக்கா மகளை உக்கார வெச்சேன், 107 வரிக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. அவ ரெண்டு தப்பு பிடிச்சா, அதுல ஒண்ணு 400ஐ 4000னு நான் அடிச்சிருந்தது.

பிரிண்ட் எடுத்தப்போ முதல் பக்கத்துல மேல நாலு வரி போட்டேன்: எந்தெந்த போன்லேர்ந்து எத்தனை படம், எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும், எங்க இடைவெளி இருக்கு (09க்கும் 10க்கும் நடுவுல ஒண்ணு), `[ ]`க்குள்ள இருக்கறது நான் எழுதுனது, மத்தது அவங்க அடிச்சது. ஞாயித்துக்கிழமை மொட்டை மாடில கணக்கு பாத்தப்போ ரவி சார் அந்த இடைவெளி வரியைக் காட்டி, "இந்த ரெண்டு நாள்ல ஒரு லாரி வந்துச்சு, ரசீது என்கிட்ட இருக்கு"ன்னு வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்தாரு.